டேக் பீப் அடித்தும் கேட் திறக்கவில்லை: உங்களுக்கு நடந்திருக்கிறதா?

நெடுவழி
சனிக்கிழமை மாலை ஒரு டோலில் நடந்தது. இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. டேக் லேனில் எனக்கு முன்னால் இருந்த கார் சாதாரணமாகப் போய்விட்டது, கம்பம் இறங்கியது, எனக்கு மட்டும் திறக்கவில்லை. சிவப்பு விளக்கு அப்படியே எரிந்தது. கணக்கில் பணம் தாராளமாக இருந்தது, புறப்படும் முன்பே பார்த்திருந்தேன். பூத்தில் இருந்த பையன் கையடக்க ரீடரைக் கொண்டுவந்து கண்ணாடிக்கு நேராகப் பிடித்தான். பீப் சத்தம் எனக்கே கேட்டது. ஆனாலும் "வரல சார், வண்டிய பின்னாடி எடுத்து பக்கத்து லேனுக்குப் போங்க" என்றான். பின்னால் ஒரு லாரி, பம்பரை ஒட்டி நிற்கிறது. பின் சீட்டில் அம்மா. "எப்படிப்பா பின்னாடி எடுக்கிறது?" என்று கேட்டதற்கு அவனிடம் பதில் இல்லை, கையை மட்டும் ஆட்டிக்கொண்டே இருந்தான். அந்தக் கை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

நான் நகரவில்லை. கடைசியில் ரொக்கம் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு வந்தேன். பாதி வழியிலேயே டேக்கிலும் பணம் எடுத்ததாகக் குறுஞ்செய்தி வந்துவிட்டது. கோளாறு டேக்கிலா, லேனிலா? எப்படித் தெரிந்துகொள்வது?

காற்றுவாக்கு
டேக் பழசாகியிருக்கும் நண்பரே. எனக்கும் ஒருமுறை திறக்கவில்லை. ஒரு மீட்டர் பின்னால் எடுத்து மறுபடி முன்னால் வந்தேன், உடனே திறந்தது. ரீடருக்கு மிக அருகில் போய் நின்றுவிட்டால் டேக் அதன் பார்வைக்குள் விழாது. நீங்களும் கொஞ்சம் பின்னால் எடுத்திருக்கலாம். டேக்கை மாற்றிவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

பதினெட்டுச்சக்கரம்
மேலே சொன்னவருக்கு: டோல் லேனில் பின்னால் எடுக்கச் சொல்லி யாருக்கும் யோசனை சொல்லாதீர்கள். நான் கனரக வண்டி ஓட்டுகிறேன். என் கேபினிலிருந்து பார்த்தால் முன்னால் ஒட்டி நிற்கிற சிறிய காரின் கூரை தெரிகிறதே பெரிய விஷயம், அதன் பின்விளக்கு தெரியவே தெரியாது. ஒரு இரவு, முன்னால் நின்ற கார் சொல்லாமல் பின்னால் வந்தது. "டக்" என்ற சத்தம்தான் எனக்குக் கேட்டது. இறங்கிப் பார்த்தால் காரின் டிக்கி என் பம்பருக்கு அடியில். ஓட்டிவந்த பெண் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். பூத்காரர் கை காட்டினார், அதனால் எடுத்தேன் என்றார். கை காட்டியவர் அதற்குள் உள்ளே போய்விட்டார்.

நெடுவழி, நீங்கள் நகராமல் நின்றதுதான் சரி. பின்னால் வண்டியே இல்லை, ஊழியர் இறங்கி வந்து பின்பக்கம் நின்று வழிகாட்டுகிறார் என்றால் அது வேறு. இல்லாவிட்டால் நான்கு விளக்கையும் போட்டுவிட்டு நில்லுங்கள். லேனைக் காலி செய்யவேண்டிய பொறுப்பு அவர்களுடையது.

ஆன்டெனா
லேன் கருவிகளைப் பராமரிக்கும் வேலையில் பல வருடம் இருந்தேன், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கர் வகை டேக்கில் பேட்டரி கிடையாது. மேலே இருக்கும் ஆன்டெனா அனுப்புகிற ரேடியோ அலையிலிருந்தே மின்சாரம் எடுத்து, தன் எண்ணைத் திருப்பி அனுப்பும். அதோடு அதன் வேலை முடிந்தது. கணக்கில் பணம் இருக்கிறதா இல்லையா என்பது டேக்குக்குத் தெரியாது. எண் கிடைத்த பிறகு லேன் கணினி அதை ஒரு பட்டியலோடு ஒப்பிடும், அல்லது மையத்தைக் கேட்கும். சரி என்று பதில் வந்தால்தான் கம்பத்துக்குக் கட்டளை போகும்.

ஆகவே கேட் திறக்காமல் போவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, டேக் படிக்கப்படவே இல்லை. மற்றொன்று, படிக்கப்பட்டது, ஆனால் அதற்குப் பிறகு எங்கோ தடைபட்டது. வெளியில் நிற்பவருக்கு இரண்டும் ஒரே சிவப்பு விளக்குதான், ஆனால் செய்யவேண்டியது வேறு வேறு. ஊழியரிடம் "ஏன் திறக்கல?" என்று கேட்டால் "வரல" என்றுதான் சொல்வார். "உங்க திரையில் என் டேக் எண் வந்திருக்கா, இல்லையா?" என்று கேளுங்கள். வந்திருந்தால் டேக் நல்ல டேக். அதற்குப் பக்கத்தில் நிலை என்ன என்றும் இருக்கும்: பணம் குறைவு, முடக்கப்பட்டது, வண்டி வகை பொருந்தவில்லை, இப்படி ஏதாவது ஒன்று.

உங்கள் விஷயத்தில் கையடக்க ரீடர் பீப் அடித்ததே, அது பெரிய துப்பு. செத்த டேக் பீப் அடிக்காது. அதனால் டேக்கை மாற்றுவதில் பலன் இருக்காது. காற்றுவாக்கு சொன்னதில் ஒரு பாதி உண்மை: ஆன்டெனா படிக்கிற இடம் லேனில் ஒரு குறிப்பிட்ட பகுதிதான், வேகமாக வந்து அதைத் தாண்டி நின்றால் படிக்காமல் போகலாம். அதற்கு மருந்து, வரும்போதே மெதுவாக வருவது. பின்னால் போவது இல்லை.

இப்போது ஒன்று பாருங்கள். ரசீதில் அச்சான நேரம் என்ன, லேன் எண் என்ன? குறுஞ்செய்தி வந்த நேரத்தை விடுங்கள், டேக் கணக்கின் விவரத்தில் வண்டி கடந்த நேரம் தனியாக இருக்கும். அது என்ன?

புதுக்கண்ணாடி
எனக்கு நடந்தது வேறு மாதிரி. கல் பட்டு முன்கண்ணாடி உடைந்தது, மாற்றினேன். புதிய டேக் வாங்கி அதே நடு இடத்தில் ஒட்டினேன். அன்றிலிருந்து எந்த டோலிலும் படிக்கவில்லை. ஒவ்வொரு பூத்திலும் பின்னால் ஹாரன், முன்னால் தலையசைப்பு. டேக் கோளாறு என்று சொல்லி மாற்றித் தந்தார்கள், அதுவும் படிக்கவில்லை. கடைசியில் ஒரு பூத்தில் வயதான ஊழியர் ஒருவர் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது வெயில் தடுக்கிற கண்ணாடி. உள்ளே உலோகப் பூச்சு இருக்கு. உள்கண்ணாடிக்குப் பின்னாடி கறுப்புப் புள்ளி புள்ளியா ஒரு இடம் விட்டிருப்பாங்க, அங்க ஒட்டு" என்றார். பார்த்தால் உள்கண்ணாடி மாட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் அப்படி ஒரு பகுதி இருந்தது! அங்கே மாற்றிய பிறகு தொந்தரவே இல்லை. அவர் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டதுதான் எனக்குக் குறை.

நெடுவழி, உங்கள் கண்ணாடி எந்த வகை என்று பாருங்கள்.

ஆன்டெனா
புதுக்கண்ணாடி சொன்னது முழுக்கச் சரி, உலோகப் பூச்சு அலையைத் தடுக்கும். எல்லா வண்டியிலும் அந்த இடைவெளி ஒரே இடத்தில் இருக்காது, வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். ஆனால் அப்படிப்பட்ட கோளாறு எல்லா டோலிலும் வரும். நெடுவழிக்கு ஒரே ஒரு டோலில்தான் வந்தது, இல்லையா?

கணக்குப்பிள்ளை
ஆன்டெனா அவர்களே, கையடக்க ரீடரில் பீப் வந்ததால் டேக் நல்லது என்று எப்படி முடிவு கட்டுகிறீர்கள்? கையடக்க ரீடரை ஒரு சாண் தூரத்தில் பிடிக்கிறார்கள். மேலே இருக்கும் ஆன்டெனா சில மீட்டர் தள்ளி இருக்கிறது. ஓரம் உரிந்து மடங்கிய டேக் அருகில் படிக்கும், தூரத்தில் படிக்காது. என் மனைவியின் காரில் அப்படித்தான் இருந்தது.

யாரும் கேட்கவில்லை என்றாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இதில் பலர் பணத்தை விடுகிறார்கள். டேக்கின் மேல் அச்சிட்ட எண்ணை இன்றே போனில் படம் எடுத்து வையுங்கள். கண்ணாடி உடைந்தாலும், டேக் கிழிந்தாலும், பூத்தில் அந்த எண்ணைக் கையால் அடித்துப் பார்க்கச் சொல்லலாம். டேக்கைக் கிழித்து எடுத்துக் கையில் காட்டாதீர்கள். கண்ணாடியிலிருந்து பிரித்தால் உள்ளே இருக்கும் மெல்லிய ஆன்டெனா அறுந்துபோகும் மாதிரிதான் பல டேக்குகளைச் செய்கிறார்கள், வேறு வண்டிக்கு மாற்றக் கூடாது என்பதற்காக. பழைய டேக்கின் மேலேயோ பக்கத்திலேயோ புதியதை ஒட்டாதீர்கள், எது முதலில் படிக்கப்படும் என்று சொல்ல முடியாது. ரொக்கம் கொடுத்தால் ரசீது இல்லாமல் நகராதீர்கள். அதில் லேன் எண், நேரம், வண்டி எண் மூன்றும் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள், வண்டி எண் இல்லாவிட்டால் எழுதித் தரச் சொல்லுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பவர் அரை நிமிடம் காத்திருக்கட்டும்.

நெடுவழி
ஆன்டெனா சார், எடுத்துப் பார்த்தேன். ரசீதில் நேரம் 6:44, லேன் 4. டேக் கணக்கில் கடந்த நேரம் 6:41, அதே லேன் 4. குறுஞ்செய்தி வந்தது 7:20 வாக்கில். கண்ணாடி சாதாரணக் கண்ணாடிதான். மறுநாள் வேறு ஒரு டோலில் எதுவும் செய்யாமலே திறந்தது.

ஆன்டெனா
அப்படியானால் விஷயம் பெரும்பாலும் தெளிவு. 6:41க்கு உங்கள் டேக் படிக்கப்பட்டு, கட்டணம் பதிவாகிவிட்டது. 6:44க்கு ரொக்கம் வாங்கியிருக்கிறார்கள். இரண்டாவதாக வாங்கியதுதான் கூடுதல். குறுஞ்செய்தி தாமதமாக வந்தது, பதிவு அங்கிருந்து டேக் கொடுத்தவர்களுக்குப் போய்ச்சேர நேரம் எடுத்ததால். அதைப் பார்த்து "நான் போன பிறகு திருடிவிட்டார்கள்" என்று நினைக்க வேண்டாம், கடந்த நேரம்தான் கணக்கு.

6:41 பதிவு மேலே இருக்கும் ஆன்டெனா போட்டதா, கையடக்க ரீடர் போட்டதா என்பதை இந்த நேரங்களை வைத்துச் சொல்ல முடியாது. மேலே படித்து, சரி என்ற பதில் தாமதமாகி, லேன் சிவப்பிலேயே நின்றிருக்கலாம். கணக்குப்பிள்ளை சொன்ன மாதிரி மேலே படிக்காமல் கையடக்க ரீடரில் மட்டும் பதிவாகியிருக்கலாம். ஆனால் மறுநாள் வேறு இடத்தில் தானாகத் திறந்ததால் முதலாவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டில் எதுவானாலும் ஒரே வண்டி, ஒரே கடப்பு, இரண்டு கட்டணம்.

புகாரை டேக் கொடுத்தவர்களிடம் போடுங்கள், உங்கள் கணக்கு அவர்களிடம்தான் இருக்கிறது. "பணம் தவறாகப் போனது" என்று எழுதினால் டேக் சரியாகப் படிக்கப்பட்டது என்று பதில் அனுப்பி மூடிவிடுவார்கள். "லேன் 4, 6:41க்கு டேக்கில் பிடித்தம், அதே கடப்புக்கு 6:44க்கு ரொக்கம், ரசீது இணைப்பு" என்று எழுதுங்கள். லேன் கேமராவின் படத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மூன்று நிமிடத்தில் உங்கள் வண்டி லேனில் ஒருமுறைதான் இருக்கும்.

காற்றுவாக்கு
டோல் அலுவலகத்துக்கே நேரில் போய்க் கேட்டால் சீக்கிரம் முடியாதா? ரொக்கம் வாங்கியது அவர்கள்தானே.

பதினெட்டுச்சக்கரம்
வண்டியில் இருக்கும்போதே கேட்டால் சில நேரம் கிடைக்கும். எங்கள் ஆட்களில் ஒருவருக்கு அங்கேயே ரசீதை ரத்து செய்து திருப்பிக் கொடுத்தார்கள், ஷிப்ட் கணக்கு முடியாததால். ஷிப்ட் மாறிவிட்டால் கல்லாவிலிருந்து எடுத்துத் தரமாட்டார்கள்.

நெடுவழி, அந்த டோல் வழியாகத் திரும்பி வரும்போது லேன் 4 வேண்டாம். முன்வண்டிக்கும் உங்களுக்கும் ஒரு வண்டி நீள இடைவெளி விடுங்கள். ஒட்டிப் போனால் பின்னால் இருப்பவரின் டேக்கை முன்னால் நிற்கும் வண்டிக்குப் படித்துவிடும், அந்தக் கூத்தையும் பார்த்திருக்கிறேன்.

நெடுவழி
புகார் போட்டுவிட்டேன், ரசீதின் படத்தோடு. எண் மட்டும் வந்திருக்கிறது, பதில் இன்னும் இல்லை. பதினெட்டுச்சக்கரம் அண்ணா, பின்னால் இருப்பவரின் டேக்கில் என் கட்டணம் போனால் அவருக்கு எப்படித் தெரியும்? அவருக்கும் கேட் திறக்காமல்தானே நிற்கும்?