சக்தி திட்டமும் பெண்கள் வேலையும்: பி.எல்.எஃப்.எஸ். போதுமா?

கவிதா, ஜெயநகர்: பெண்களுக்கு இலவச பஸ் தரும் கர்நாடகாவின் சக்தி திட்டத்தால் வேலைக்குப் போகும் பெண்கள் கூடினார்களா என்று எம்.ஏ. ஆய்வேட்டில் பார்க்க ஆசை. காசு கொடுத்துத் தரவு வாங்க வழியில்லை. மத்திய அரசு இலவசமாகத் தரும் தொழிலாளர் கணக்கெடுப்பான பி.எல்.எஃப்.எஸ். போதுமா? தமிழ்நாட்டோடு ஒப்பிடலாமா?

சேகர்: தாராளமாகப் போதும். சக்தி தொடங்கியது 2023 ஜூன் 11. அப்போது இந்தக் கணக்கெடுப்பின் ஆண்டு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடிந்தது. ஆக, 2022-23 பெரும்பாலும் முன், 2023-24 முழுக்கப் பின். தமிழ்நாடு பக்கத்து மாநிலம், ஒப்பிட அதுவே சரி.

இந்திரா: தேதி சரி சேகர், தமிழ்நாடு சரிவராது. அங்கே 2021 மே மாதமே டவுன் பஸ் இலவசம், 2023 செப்டம்பரில் உரிமைத்தொகையும் வந்துவிட்டது. தெலங்கானாவிலும் 2023 டிசம்பரில் இலவச பஸ் வந்தது. ஆந்திராவையும் கேரளாவையும் எடுத்துக்கொள்ளுங்கள் கவிதா.

இன்னொரு பொறியும் இருக்கிறது. வழக்கமான நிலை என்ற கேள்வி கடந்த 365 நாட்களைப் பற்றியது. 2023 ஜூலையில் பதில் சொன்ன பெண், பெரும்பாலும் சக்திக்கு முந்தைய வருஷத்தைத்தான் சொல்லியிருப்பார். அதைப் பயன்படுத்தினால் விளைவு உண்மையைவிடச் சின்னதாகத் தெரியும். கடந்த ஏழு நாட்களைக் கேட்கும் வாராந்திர நிலையை எடுங்கள். ஆனால் ஒவ்வொரு பதிலும் எத்தனை பேரைக் குறிக்கிறது என்று சொல்லும் எடைகளைச் சரிபார்க்க மட்டும் வழக்கமான நிலை உதவும்: முதன்மை, துணை வேலை இரண்டையும் சேர்த்தால், 2023-24இல் 15 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களுக்கு அகில இந்திய தொழிலாளர் பங்கேற்பு விகிதம் 41.7 சதவீதம் வர வேண்டும். வரவில்லை என்றால் எடை போட்டதில் தப்பு, மேலே போகாதீர்கள்.

முருகன், பீன்யா: என் அக்கா கார்மெண்ட்ஸில் முன்பிருந்தே வேலை செய்கிறாள். பஸ் இலவசமானதும் தூரத்தில் சம்பளம் கூடுதலான கம்பெனிக்கு மாறினாள். அவள் இந்தக் கணக்கில் எங்கே வருவாள்?

இந்திரா: வரமாட்டார் முருகன். வேலையில் இருக்கிறாரா என்று மட்டும் பார்த்தால் முன்னும் பின்னும் ஒரே பதில்தான். கவிதா, சம்பளத்தையும் ஒரு அத்தியாயமாக வையுங்கள்.

ரவி: எனக்கு ஒப்புதல் இல்லை. 2023 ஆகஸ்டில் கிருஹலட்சுமி தொடங்கி, குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய் வந்தது. பஸ்ஸின் விளைவையும் இதையும் எப்படிப் பிரிப்பீர்கள்?

இந்திரா: கல்யாணமாகாத மகள்களைத் தனியாகப் பார்க்கலாம். பணம் அம்மா பெயரில், பஸ் இருவருக்கும்.

ரவி: பணம் ஒரே வீட்டுக்குள்தானே வருகிறது மேடம்? மகள் வேலைக்குப் போகாமல் படிக்கவும் அதுவே காரணமாகலாம். அப்புறம், திட்டம் வந்தது ஒரே மாநிலத்தில். எண் தற்செயலாக எவ்வளவு மாறலாம் என்று சொல்லும் வழக்கமான பிழை அளவை நம்ப முடியாது.

இந்திரா: இரண்டாவதற்கு வழி உண்டு. திட்டமே இல்லாத மாநிலங்களுக்கு ஒவ்வொன்றாக அது வந்ததாகப் பாவித்து அதே கணக்கைப் போட வேண்டும். கர்நாடகாவின் எண் அந்தக் கூட்டத்தில் தனித்து நிற்காவிட்டால் விளைவு என்று எழுதக் கூடாது. முதலாவதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை ரவி.

ரவி: அதனால்தான் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைச் சொல்கிறேன். 2019, 2024 இரண்டும் இலவசம், வேலைக்கான பயண நேரமும் அதில் இருக்கிறது.

இந்திரா: நடுவே கோவிட் இருக்கிறதே?

கவிதா: சரி, இன்றிரவு 41.7 வருகிறதா பார்க்கிறேன். மகள்களின் எண்ணிக்கை போதுமா என்றும் எண்ணிவிட்டு வருகிறேன்.