‘ஆடிட்டருக்குப் பதில் போடு’ என்று நினைத்து எழுதியதுதான்

எபேன் நெல்லைக்காரன்

மொரீஷியஸில், எபேனில் ஒரு கணக்குப்பதிவு ஆபீஸில் மூன்று வருஷமாக இருக்கிறேன். போன மாதம் நடந்தது இது. ஆடிட்டர் நான்கு இன்வாய்ஸ்களைப் பற்றிக் கேள்வி கேட்டு மெயில் போட்டிருந்தார். அதைப் பக்கத்து மேஜைப் பையனுக்கு ஃபார்வர்ட் பண்ணி, மேலே ஒரே ஒரு வரி எழுதினேன்: ‘கைண்ட்லி ரிப்ளை ஃபார் தி ஆடிட்டர் பை தர்ஸ்டே.’

பையன் மொரீஷியஸ்காரன், வேலையில் சுத்தம். புதன்கிழமை மாலையே ஒரு வேர்டு ஃபைல் எனக்கு வந்தது. நான்கு இன்வாய்ஸுக்கும் பதில் அழகாக இருந்தது. எனக்கு ஒரு காப்பி அனுப்பியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை ஆடிட்டர் மேனேஜரைக் கூப்பிட்டு ‘எனக்கு ஒன்றும் வரவில்லையே’ என்கிறார்.

பையனிடம் கேட்டால், ‘ஆடிட்டருக்காக ஒரு பதில் தயார் பண்ணித் தரச் சொன்னதாகத்தானே எழுதியிருந்தீர்கள், தந்தேனே’ என்றான். அவன் மேல் தப்பே இல்லை. அன்று முதல் மெயில் எழுத உட்கார்ந்தால் கை நடுங்குகிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

போர்ட் லூயி புரூஃப் அக்கா

தம்பி, பன்னிரண்டு வருஷமாக மற்றவர்கள் எழுதும் ரிப்போர்ட்டைத் திருத்துவதுதான் என் பிழைப்பு. இது நம் ‘க்கு’ செய்கிற வேலை. நம் வாயில் ‘ஆடிட்டருக்குப் பதில்’, ‘தாமதத்துக்குக் காரணம்’, ‘உதவிக்கு நன்றி’ எல்லாம் ஒரே ‘க்கு’. இங்கிலீஷில் அது ‘டூ’ என்றும் ‘ஃபார்’ என்றும் பிரிகிறது. அவசரத்தில் கைக்கு எது வருகிறதோ அதைப் போட்டுவிடுகிறோம்.

நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். ‘க்கு’ இருக்கும் இடத்தில் ‘க்காக’ போட்டுப் பாருங்கள். ‘உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்’: பொருள் மாறவில்லை, எனவே வெயிட் ஃபார். ‘உதவிக்காக நன்றி’: சரியாக இருக்கிறது, தேங்ஸ் ஃபார். ‘ஆடிட்டருக்காகப் பதில் போடு’ என்றால் பொருளே வேறு, அவருக்குப் பதிலாக நீ எழுது, அல்லது அவருக்கென ஒன்றைத் தயார் செய் என்றாகிவிடுகிறது. அப்படியானால் அங்கே டூ. உங்கள் பையன் படித்தது சரியாக அந்த ‘க்காக’ அர்த்தத்தைத்தான்.

காத்ர் போர்ன் கோடர்

இதற்கு இவ்வளவு யோசனை எதற்கு ப்ரோ? அவுட்லுக்கில் ஆட்டோகரெக்ட்டில் ஒரு தடவை போட்டு வைத்தால் போதும். டிஸ்கஸுக்குப் பின்னால் நாம் தேவையில்லாமல் ஒட்டும் ‘அபவுட்’டுக்கு நான் வைத்திருப்பது:

```
Replace: discuss about
With: discuss
```

ஸ்பேஸ் தட்டியதும் தானாக மாறிவிடும். அதே மாதிரி ‘ரிப்ளை ஃபார்’ எங்கே வந்தாலும் ‘ரிப்ளை டூ’ ஆக்கிவிடுங்கள். ‘அபவுட்’டையும் ஒட்டுமொத்தமாக விடுங்கள். டிஸ்கஷன் அபவுட் என்று எழுதுவதும் தப்புதான்.

போர்ட் லூயி புரூஃப் அக்கா

முதல் பாதி நல்ல யோசனை தம்பி. ‘டிஸ்கஸ்ட் அபவுட்’, ‘டிஸ்கஸிங் அபவுட்’ இரண்டுக்கும் தனித்தனியாகப் போட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் ‘டிஸ்கஸ் அபவுட் டென் இன்வாய்ஸஸ்’ என்று ஒருவர் எழுதினால் அது சுமார் பத்து இன்வாய்ஸ். அங்கே அபவுட்டுக்கு வேறு வேலை. மெஷின் அதையும் தின்றுவிடும்.

‘ரிப்ளை ஃபார்’ பக்கம் மெஷினை விடவே வேண்டாம். மேனேஜர் லீவில் இருக்கும்போது ‘ஐ வில் ரிப்ளை ஃபார் ஹிம்’ என்று எழுதினால் அவர் சார்பில் பதில் சொல்கிறேன் என்று அர்த்தம். அது முழுச் சரி. உங்கள் ஆட்டோகரெக்ட் அதை ‘அவருக்கே பதில் போடுகிறேன்’ என்று ஆக்கிவிடும்.

டிஸ்கஷன் அபவுட் தப்பு என்று யார் சொன்னது? வினையாக வரும்போதுதான் அபவுட் கூடாது. பெயராக வரும்போது ‘அபவுட்’ வரலாம், ‘ஆன்’ என்பதும் வரலாம். ரிக்வெஸ்ட்டும் இதே கதை. ‘மை ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’ சரி, ‘ஐ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’ தப்பு. பெயரில் பழகியதை வினைக்கும் இழுத்துக்கொண்டு போவதால்தான் பாதித் தவறு வருகிறது.

டிஸ்கஸ் மனதில் நிற்க நான் ஆபீஸ் பிள்ளைகளுக்குச் சொல்வது இது. அதை ‘பேசு’ என்று மொழிபெயர்க்காதீர்கள், ‘அலசு’ என்று நினையுங்கள். விலையைப் பற்றிப் பேசினோம் என்போம், ஆனால் விலையை அலசினோம் என்றுதான் சொல்வோம். அலசுக்குப் ‘பற்றி’ தேவையில்லை, டிஸ்கஸுக்கும் தேவையில்லை. யாரோடு அலசினோம் என்பதற்கு வித் தாராளமாக வரும்.

ரோஸ்ஹில் பள்ளித்தமிழ்

வணக்கம். நான் இங்கேயே பிறந்தவள். வீட்டில் கிரியோல், தமிழ் பள்ளியிலும் கோவிலிலும் படித்தது. தப்பிருந்தால் மன்னிக்கவும்.

அக்கா சொன்னதைப் படித்துச் சிரித்தேன். எங்களுக்கு வேறு இடத்தில் வழுக்கும். பிரெஞ்சில் ‘ரெப்போந்த்ர் ஆ’ என்போம், அதனால் ‘ரிப்ளை டூ’ எங்களுக்குத் தானாக வரும். ஆனால் அதே பழக்கத்தில் ‘ஆன்ஸர் டூ தி கொஸ்டியன்’ என்று வினைக்கும் டூ போட்டுவிடுவோம். ‘அத்தாந்த்ர்’ என்ற வினைக்குப் பின்னால் ஒன்றும் வராது, ஆகவே ‘ஐ வெயிட் யுவர் ரிப்ளை’ என்று எழுதி எத்தனையோ தடவை வாங்கிக் கட்டியிருக்கிறேன். ‘டிஸ்க்யூத்தே த’ இருப்பதால் டிஸ்கஸ் அபவுட் எங்களுக்கும் வரும். அந்த ஒன்றில் நீங்களும் நாங்களும் ஒரே கட்சி.

ஃப்ளோரியால் ஹெச்ஆர்

நான் ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தது. ‘டு தி நீட்ஃபுல்’ என்று எழுதலாமா? இங்கே சிரிக்கிறார்கள்.

காத்ர் போர்ன் கோடர்

அது வேறு வியாதி அண்ணா. அதற்கு வேறு நாள்.

அக்கா, டிஸ்கஷன் விஷயத்தில் தோற்றேன். ஆனால் உங்கள் ‘க்காக’ சோதனையையும் உடைத்துக் காட்டுகிறேன். ‘தாமதத்துக்குக் காரணம்’ என்பதில் க்காக ஒட்டாது. ஆனால் ரீஸன் ஃபார் என்பதுதானே சரி?

போர்ட் லூயி புரூஃப் அக்கா

பிடித்துவிட்டீர்கள். அங்கே சோதனை பலிக்காது, ஒப்புக்கொள்கிறேன். இன்னொரு இடத்திலும் பலிக்காது: ‘அவருக்குத் தெரிவி’, ‘அவருக்கு போன் பண்ணு’. க்காக ஒட்டவில்லை என்று டூ போட்டால் ‘இன்ஃபார்ம் டூ ஹிம்’, ‘கால் டூ ஹிம்’ என்று வந்து நிற்கும். அங்கே ஒன்றுமே வேண்டாம்.

இவற்றுக்கு வாக்கியத்தைத் திருப்பிப் பார்ப்பேன். ‘ஹி வாஸ் இன்ஃபார்ம்ட்’ தனியாக நிற்கிறது, எனவே இடையில் எதுவும் தேவையில்லை. ‘தி இன்வாய்ஸ் வாஸ் டிஸ்கஸ்ட்’டும் நிற்கிறது. ஆனால் ‘தி மெயில் வாஸ் ரிப்ளைட்’ நொண்டுகிறது. கடைசியில் ஒரு டூ கேட்கிறது. ரீஸன் மாதிரிப் பெயர்ச்சொல்லுக்கு இந்தத் திருப்பலும் உதவாது. மனப்பாடம்தான்.

எபேன் நெல்லைக்காரன்

நேற்று இரவு என் சென்ட் ஃபோல்டரில் `"reply for"` என்று தேடினேன். நாற்பத்தொன்று வந்தது. உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். அதில் ‘உங்கள் சார்பில்’ என்ற பொருளில் சரியாக எழுதியது இரண்டே இரண்டு. மீதி எல்லாம் ஆடிட்டர் கதைதான். இத்தனை நாள் எதிரே இருந்தவர்கள் பொறுமையாக ஊகித்துப் படித்திருக்கிறார்கள்.

இன்னொரு சங்கடம். என் மேனேஜர் மதுரைக்காரர், எல்லா மெயிலிலும் ‘லெட் அஸ் டிஸ்கஸ் அபவுட்’ என்றுதான் எழுதுவார். கிளையன்ட்டுக்கும் அதுவே போகிறது. சொல்வதா, விடுவதா?

ரோஸ்ஹில் பள்ளித்தமிழ்

சொல்லிவிடுங்கள். தனியாக, காப்பி குடிக்கும்போது.

போர்ட் லூயி புரூஃப் அக்கா

நான் சொல்லமாட்டேன். டிஸ்கஸ் அபவுட்டால் யாருக்கும் பொருள் மாறிப் போகவில்லை. அவர் ரிப்ளை ஃபார் எழுதட்டும், அன்றைக்குச் சொல்லுங்கள்.

காத்ர் போர்ன் கோடர்

அவர் சீட்டில் இல்லாதபோது ஆட்டோகரெக்ட் போட்டுவிட்டு வாங்க. நான் எதுவும் சொல்லவில்லை.