கலைச்சொல்: ஆள் பின்னணியில் ஒட்டாமல் நிற்பதற்கு என்ன சொல்லலாம்?

தொண்டியிலிருந்து

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கேமரா பழக்க ஒரு சின்னப் பாடப் புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு இடத்தில் சொல் கிடைக்காமல் நிற்கிறேன். ஆளின் உடையிலிருந்தும் தோலிலிருந்தும் வெளிச்சத்திலும் நிறத்திலும் விலகித் தெரிகிற பின்னணியைத் தேர்ந்தெடுப்பது பற்றிய பாடம் அது. அந்த விலகலுக்கு ஒரு பெயர் வேண்டும். ஸ்டுடியோக்களில் 'செபரேஷன்' என்பார்கள். 'பின்னணி மாறுபாடு' என்று எழுதினேன். வாசித்துப் பார்த்த பிள்ளை, "பின்னணிய மாத்தணுமா சார்?" என்று கேட்டது. அதோடு அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.

மண்டபத்திலிருந்து

இதற்கு எதற்குப் புதுச்சொல்? 85 எம்எம் லென்ஸைப் போட்டு f/1.8-இல் திறந்தால் பின்னால் இருப்பதெல்லாம் கரைந்துவிடும், ஆள் தனியாக நிற்பார். 'பின்னணி மங்கல்' என்று வைத்துவிடுங்கள். நான் எப்போதும் அப்படித்தான் எடுக்கிறேன்.

பாம்பன் ஸ்டுடியோவிலிருந்து

மண்டபத்துத் தம்பி சொல்வது பாதி சரி. மங்கலாக்கினால் பின்னால் இருக்கும் கிளையும் கம்பியும் தொல்லை செய்யாது. ஆனால் மங்கல் என்பது விளிம்புகளைக் கரைப்பதுதான், வெளிச்ச அளவை அது மாற்றாது. கருத்த கூந்தலுக்குப் பின்னால் சீமைக்கருவேலங் காட்டின் நிழல் இருந்தால், f/1.8-இல் எடுத்தாலும் கூந்தல் எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. காடு கொஞ்சம் மெத்தென்று தெரியும், அவ்வளவுதான்.

போன மாதம் அரிச்சல்முனையில் ஒரு கல்யாண ஜோடியை எடுத்ததைச் சொல்கிறேன், சொல் அதிலிருந்து வந்தாலும் வரும். மாப்பிள்ளை நல்ல கறுப்பு, வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. பொண்ணு அரக்குப் பட்டு. காலை வெயில். ஸ்பாட் மீட்டரில் ஐஎஸ்ஓ 100, f/8 வைத்து ஒவ்வொன்றாக அளந்தேன். மாப்பிள்ளை முகம் 1/125. சட்டை 1/1000, அதாவது முகத்தைவிட மூன்று ஸ்டாப் வெளிச்சம்; ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு. பட்டு 1/60. அடிவானத்தை ஒட்டிய வானமும் 1/1000. அவரை வானத்துக்கு முன்னால் நிறுத்தினால் முகம் பளிச்சென்று பிரியும், சட்டையின் தோள்பட்டை வானத்தோடு போய்விடும். பழைய சர்ச்சின் இடிந்த சுவருக்கு அழைத்துப் போகலாமா என்று பார்த்தேன். காலையில் நிழல் விழும் பக்கத்தில் அந்தப் பவளக்கல் 1/60-தான் காட்டும். அப்போது சட்டை தப்பிக்கும், பட்டு போய்விடும்.

மூன்றுக்கும் ஒத்துவராத ஒரு வெளிச்சம் வேண்டும். கடலை அளந்தேன், 1/320. முகத்துக்கும் கடலுக்கும் ஒன்றேகால் ஸ்டாப்புக்கு மேல், கடலுக்கும் சட்டைக்கும் ஒன்றரைக்கு மேல், பட்டுக்கும் கடலுக்கும் இரண்டுக்கு மேல். மூன்றுமே விலகி நிற்கின்றன. ஒரு ஸ்டாப்புக்குக் கீழே போனால் நான் நம்பமாட்டேன்.

ஆனால் கடலைப் பின்னணியாக்க ஒரு வேலை செய்யவேண்டும். மண்டியிட்டு எடுத்தால் ஆட்களின் தலை வானத்துக்குள் போய்விடும். அடிவானம் எப்போதும் கேமராவின் உயரத்தில்தான் தெரியும். கரையில் கிடந்த கல் ஒன்றின்மேல் ஏறி நின்றேன். அடிவானக் கோடு இருவர் தலைக்கும் மேலே போனது, தலைமுதல் கால்வரை பின்னால் தண்ணீர் மட்டும். வெயில் பக்கமாகப் பார்க்கவும் கூடாது. அந்தப் பக்கம் தண்ணீர் மினுங்கிச் சட்டையைவிட வெளுத்துவிடும். நான் வடக்கே பெண்கடல் பக்கம் திரும்பி, வெயில் பக்கவாட்டில் விழ எடுத்தேன். 1/200-இல் எடுத்தால் முகம் கொஞ்சம் கருத்தே இருக்கும், அதுதான் அவர் நிறம். சட்டையின் மடிப்பும் வெளுத்துப்போகாது.

கீழக்கரையிலிருந்து

எனக்கு வேறு கவலை. பாஸ்போர்ட் படத்துக்கு வெள்ளைத் திரைதான் வேண்டும், வருகிறவர்களில் பாதிப்பேர் வெள்ளைச் சட்டை. தோள் எங்கே என்று தெரியாமல் தலை மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. ஒரு விண்ணப்பத்தில் படத்தைத் திருப்பியே அனுப்பிவிட்டார்கள். இதற்கும் இதே சொல் வருமா?

பாம்பன் ஸ்டுடியோவிலிருந்து

வரும் பாய், இதே சங்கதிதான். உங்களுக்குப் பின்னணியைத் தேர்ந்தெடுக்க வழியில்லை, அதனால் சட்டையைத் தேர்ந்தெடுங்கள். ஆணியில் ஒரு கருநீலச் சட்டை மாட்டி வையுங்கள். சட்டையை மாற்றமாட்டேன் என்பவருக்கு, திரைக்குத் தனி விளக்கு கொடுத்து அதைச் சட்டையைவிட ஒரு ஸ்டாப் ஏற்றுங்கள். ஆளைத் திரையிலிருந்து ஆறடி தள்ளி உட்காரவையுங்கள், இல்லையென்றால் திரையின் வெளிச்சம் தோளில் வழிந்து மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

தொண்டியிலிருந்து

அண்ணே, ஒட்டிக்கொள்ளும் என்றீர்களே, அதுதான் எதிர்ச்சொல். 'ஒட்டல்' என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் நல்ல சொல் 'எடுப்பு'. சேலை எடுப்பாக இருக்கிறது என்கிறோமே. பின்னணி எடுப்பு, அதில் ஒளியெடுப்பு, நிறவெடுப்பு என்று இரண்டு.

மதுரையிலிருந்து (சொந்த ஊர் தேவிபட்டினம்)

எடுப்பு எனக்கும் பிடிக்கிறது, ஆனால் அதன் தலையில் ஏற்கெனவே பாரம் அதிகம். பாட்டுக்காரர்களுக்குத் தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம் எடுப்பு. சாப்பாட்டுக் கடையில் எடுப்புச் சாப்பாடு. அந்தக் காலத்து எடுப்புக் கக்கூஸை எங்கள் அம்மா இன்னும் மறக்கவில்லை. 'துலக்கம்' என்று போடலாமா? 'துலங்கல்' வேண்டாம், தூண்டலும் துலங்கலும் என்று உயிரியலில் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள்.

பாம்பன் ஸ்டுடியோவிலிருந்து

துலக்கம் என்றால் எனக்குப் பாத்திரம் விளக்குவதுதான் நினைவுக்கு வருகிறது, அக்கா. தவிர, படம் தெளிவாக இருப்பதையும் அது குறிக்கும். தெளிவாக விழுந்த படத்திலும் ஆள் ஒட்டிக் கிடக்கலாம். எடுப்பு என்றால் ஒன்று இன்னொன்றின் முன் நிற்பது, இரண்டு பொருள் வேண்டும். அதனால் நான் எடுப்பு பக்கம்.

ஒளியெடுப்பு, நிறவெடுப்பு என்று பிரித்ததும் நல்லது, இரண்டும் தனித்தனியே பொய்த்துப்போகும். சிவப்புச் சேலை பச்சைக் காட்டுக்கு முன்னால் கண்ணுக்கு அள்ளும். அதே படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள், பலசமயம் சேலையும் காடும் ஒரே சாம்பல். பனையோலை வேலி வேறு மாதிரி. காய்ந்த ஓலையின் பழுப்பும் நம் மாநிறமும் நிறத்தில் பங்காளிகள். அங்கே நிறவெடுப்பு கிடைக்காது, வெளிச்ச வித்தியாசம் மட்டுமே காப்பாற்றவேண்டும். கடல் நமக்கு நல்ல பின்னணியாக இருப்பதற்கும் இதுதான் காரணம். சிவப்போ கறுப்போ, யார் தோலிலும் அடியில் ஓடுவது செம்மஞ்சள், நீலப்பச்சை அதற்கு நேர் எதிர்.

மீட்டர் இல்லாத பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிப் பார்க்கட்டும். இமையைப் பாதி மூடினால் நிறம் அடங்கி வெளிச்சம் மட்டும் நிற்கும். தோள் விளிம்பு அப்போதும் தெரிந்தால் ஒளியெடுப்பு உண்டு.

மண்டபத்திலிருந்து

சரி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். என் பழைய படங்களில் நாலு ஒட்டல்தான். ஆனாலும் f/1.8-ஐ விடமாட்டேன்.

மதுரையிலிருந்து

பாடப் புத்தகத்தில் வெறும் 'எடுப்பு' என்று எங்கும் வரக்கூடாது. 'பின்னணி எடுப்பு' என்றே முழுதாக எழுதுவதானால் நான் மறுக்கவில்லை. 'நிறவெடுப்பு' மட்டும் வாயில் இன்னும் உட்காரவில்லை. 'வண்ண எடுப்பு' என்று சொல்லிப் பார்த்தேன், அதுவும் அப்படித்தான்.

தொண்டியிலிருந்து

முதல் பதிப்பில் 'நிறவெடுப்பு' என்றே அச்சுக்குப் போகட்டும் அக்கா. சனிக்கிழமை பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிப் போகிறேன், அவர்கள் வாயில் எது வருகிறது என்று பார்த்து எழுதுகிறேன். பாம்பன் அண்ணே, அந்தக் கல்லின்மேல் ஏறி எடுத்த படத்தையும் மண்டியிட்டு எடுத்த ஒன்றையும் அனுப்புங்கள், பக்கத்துப் பக்கத்தில் வைக்கவேண்டும்.