கூகுள் மேப்பில் எனக்கு 9 தையல் கடை, தோழிக்கு 31: எதை நம்பிக் கடை எடுப்பது?

ஊசிநூல்

எல்லோருக்கும் வணக்கம். நான் திண்டுக்கல். ஆறு வருடமாக வீட்டிலிருந்தே பிளவுஸ் தைக்கிறேன், இரண்டு வருடமாக ஆரி வேலையும் செய்கிறேன். நாகல் நகர் பக்கம் ஒரு சின்னக் கடை வாடகைக்கு வந்திருக்கிறது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், அந்தப் பகுதியில் ஏற்கெனவே எத்தனை பேர் இதே தொழிலில் இருக்கிறார்கள், வாடிக்கையாளர்கள் வருவார்களா என்று தெரிந்துகொள்ள நினைத்தேன். ஆள் வைத்து விசாரிக்க வசதி இல்லை. அதனால் கூகுள் மேப்பில் தேடினேன்.

வீட்டில் உட்கார்ந்து `aari work blouse` என்று அடித்ததற்கு 9 கடை வந்தது. தோழி அவள் போனில் பார்த்தாள், 31 வந்தது. மறுநாள் அந்தக் கடை வாசலிலேயே நின்று தேடினேன், 14. ஒரே ஊர், ஒரே வாரம். எதை எடுத்துக்கொள்வது?

இன்னொரு சந்தேகம். கூகுளில் `aari work` என்று தொடங்கியதுமே கீழே வரிசையாகப் பரிந்துரைகள் விழுகின்றன. அப்படியென்றால் எங்கள் ஊரில் நிறையப் பேர் தேடுகிறார்கள் என்று அர்த்தமா? அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கடைக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

கோவை செல்வம்

சகோதரி, பெரிய எண்ணையே எடுங்கள், 31. அப்புறம் ஒவ்வொரு கடைக்கும் எத்தனை ரிவியூ என்று கூட்டுங்கள். பத்தில் ஒருவர்தான் ரிவியூ எழுதுவார், அதனால் பத்தால் பெருக்கினால் வாடிக்கையாளர் கணக்கு வந்துவிடும். கடைப் பக்கத்தில் எந்த நேரம் கூட்டம் என்று பட்டைப் படம் காட்டுவார்களே, அதையும் பாருங்கள். எந்தக் கடைக்குப் பட்டை உயரமோ அங்கேதான் கூட்டம் அதிகம்.

நிலப்படம்

பல வருடம் கடை கடையாகப் போய் மேப்பில் ஏற்றிக் கொடுக்கும் வேலை பார்த்தவன் நான். மூன்று எண்ணுமே கடைகளின் எண்ணிக்கை இல்லை அம்மா. நீங்கள் அடித்த சொல்லுக்கும், அந்த நேரத்தில் திரையில் தெரிந்த பரப்புக்கும் கூகுள் பொருத்தமென்று நினைத்தவைதான் அவை. படத்தைக் கொஞ்சம் விரித்தாலோ சுருக்கினாலோ பட்டியல் மாறும். தோழி ஊர் முழுவதும் தெரிகிற மாதிரி வைத்திருப்பார், அல்லது வெறும் `tailor` என்று அடித்திருப்பார்.

நான் செய்வது இப்படி. முடிந்தால் கணினியில் திறங்கள். கடையை நடுவில் வைத்து, வாடிக்கையாளர் நடந்தோ வண்டியிலோ வரக்கூடிய பரப்பை ஆறு கட்டங்களாக மனத்துக்குள் பிரித்துக்கொள்ளுங்கள். தெருப் பெயர்கள் தெளிவாகத் தெரியும் அளவுக்கு ஒரு கட்டத்தைப் பெரிதாக்கி, `Search this area` வந்தால் அதை அழுத்துங்கள். பட்டியலைக் கடைசி வரை இறக்குங்கள். பிறகு பக்கத்துக் கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே சொல்லோடு நிறுத்தாமல் `ladies tailor`, `boutique`, `aari work`, `தையல் கடை` என்று நான்கையும் தேடுங்கள். ஏனென்றால் கடை போட்டவர் தன்னை எந்த வகையில் பதிந்தாரோ அந்த வகையில்தான் வரும். தமிழில் பெயர் வைத்தவர் ஆங்கிலச் சொல்லுக்கு வராமல் போவதும் உண்டு.

வந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள்: பெயர், போன் எண், கடைசி ரிவியூ எந்த மாதம். போன் எண் ஒன்றாக இருந்தால் ஒரே கடை இரண்டு தடவை ஏறியிருக்கிறது. `Permanently closed` போட்டவற்றை அடித்துவிடுங்கள். அப்படிப் போடாமலே மூடிய கடைகளும் நிறைய, யாரும் போய்த் திருத்துவதில்லை. ரிவியூக்களை `Newest` என்று வரிசைப்படுத்தினால் இரண்டு மூன்று வருடமாக அசைவே இல்லாதவை தெரிந்துவிடும். அவற்றுக்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள்.

செல்வம் தம்பி, ரிவியூவைப் பெருக்குவது சரிப்படாது. கியூஆர் அட்டை வைத்து வருகிறவர்களிடமெல்லாம் கேட்டு வாங்கும் கடையும் உண்டு, இருபது வருடம் நன்றாக ஓடியும் நான்கே ரிவியூ உள்ள கடையும் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே பத்து பொருந்தாது. பட்டைப் படமும் அந்தக் கடையின் உச்ச நேரத்தோடு அதே கடையை ஒப்பிடுவது. நாளைக்கு 5 பேர் வரும் கடைக்கும் 200 பேர் வரும் கடைக்கும் உச்சப் பட்டை ஒரே உயரம்தான். இரண்டு கடைகளை அதில் ஒப்பிட முடியாது. பல தையல் கடைகளுக்கு அந்தப் படமே வராது.

கோவை செல்வம்

பட்டை விஷயம் எனக்குத் தெரியாது அண்ணா, நன்றி. ஆனால் ரிவியூ ஒன்றுக்குமே உதவாது என்பதை ஏற்க முடியவில்லை. போன மாதம் மட்டும் 12 ரிவியூ வந்த கடையில் வேலை நடக்கிறது என்றாவது தெரியுமே.

நிலப்படம்

அது சரி. ஓடுகிறதா இல்லையா என்று பார்க்க ரிவியூ போதும். எத்தனை பேர் என்று கேட்டால்தான் சிக்கல்.

ராஜா ஸ்டூடியோ

என் ஸ்டூடியோவும் மேப்பில் வரமாட்டேன் என்கிறது. கடையை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள், இரண்டு தடவை அனுப்பியும் நிராகரித்துவிட்டார்கள். பெயர்ப் பலகை, உள்ளே, வெளியே எல்லாம் காட்டினேன். முதலிடத்தில் வர என்ன செய்ய வேண்டும்?

ஊசிநூல்

அண்ணா, நான் இன்னும் கடையே போடவில்லை, மற்ற கடைகளை எண்ணத்தான் கேட்டேன். உங்கள் சிக்கலைத் தனி இழையாகப் போட்டால் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள்.

தேனி மல்லிகா

தங்கச்சி, நான் பட்டதைச் சொல்கிறேன். இட்லி மாவுக் கடை போடலாம் என்று `idli batter` தேடினேன். எங்கள் ஏரியாவில் ஒன்றுகூட வரவில்லை. போட்டியே இல்லை என்று சந்தோஷப்பட்டு கிரைண்டர், குளிர்பெட்டி எல்லாம் வாங்கினேன். கடை திறந்த பிறகுதான் தெரிந்தது, சுற்றியுள்ள மளிகைக் கடை அத்தனையிலும் மாவுப் பாக்கெட் இருக்கிறது, ஒரு தெருவில் இரண்டு வீட்டில் அரைத்து விற்கிறார்கள். மேப்புக்கு அவர்கள் மளிகைக் கடை, வீடு. மாவுக் கடை இல்லை. எட்டு மாதத்தில் மூடினேன். பூஜ்யம் வந்தால் ஆளே இல்லை என்று நினைத்துவிடாதே. உன் தொழிலில் வீட்டில் தைப்பவர்கள்தானே அதிகம்?

யாழினி

பரிந்துரைகள் பற்றி எனக்குத் தெரிந்தது. கூகுள் காட்டுவது உண்மையில் ஆட்கள் தேடியவற்றிலிருந்து வருகிறதுதான். ஆனால் எத்தனை பேர் என்று அதில் இல்லை. உங்கள் மொழி, இருக்கும் இடம், நீங்கள் முன்பு தேடியவை எல்லாம் அதில் கலக்கும். ஒரு வாரமாக ஆரி பற்றியே தேடுபவருக்கு ஆரி பற்றியே வரும். கணக்கிலிருந்து வெளியே வந்து, மறைநிலைப் பக்கத்தில் பாருங்கள். அப்போதும் இடம் சரியாக வருமென்று சொல்ல முடியாது. போன் இணைப்பில் பக்கத்தின் அடியில் வேறு ஊர்ப் பெயர் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அப்படிக் காட்டினால் அந்தப் பட்டியல் உங்கள் ஊருடையது என்று நம்ப வேண்டாம்.

எண்ணிக்கையை விட்டுவிட்டு, தேடுபவர் என்ன வேண்டும் என்று தேடுகிறார் என்று பாருங்கள். `aari work` என்று அடித்து ஓர் இடைவெளி விட்டு a, b, c என்று ஒவ்வோர் எழுத்தாகப் போட்டு, வருவதையெல்லாம் எழுதுங்கள். அதில் `class`, `course`, `design`, `stand`, `needle` ஒரு பக்கம், `price`, `stitching`, `near me`, ஊர்ப் பெயர் மறுபக்கம் என்று பிரியுங்கள். முதல் பக்கத்தில் இருப்பவர்கள் கற்றுக்கொள்ள வருபவர்கள், படம் பார்ப்பவர்கள். உங்களிடம் பிளவுஸ் கொடுப்பவர்கள் மறுபக்கத்தில்தான் இருப்பார்கள்.

எண் வேண்டுமென்றால் கூகுள் விளம்பரக் கணக்கில் `Keyword Planner` இருக்கிறது. விளம்பரத்துக்குக் காசு செலவழிக்காமலே அதைப் பயன்படுத்தலாம், ஊரையும் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் காசு செலவழிக்காதவர்களுக்கு மாதம் `10 – 100` என்கிற மாதிரி அகலமான வீச்சுதான் காட்டும். 12 பேரா 95 பேரா என்பது உங்களுக்குப் பெரிய வித்தியாசம், அதை அது சொல்லாது.

ஊசிநூல்

மூன்று நாள் உட்கார்ந்து செய்தேன். ஆறு கட்டம், நான்கு சொல். மொத்தம் 74 பெயர். ஒன்றே இரண்டாக வந்தவை 9, மூடியவை 6. ஜென்ட்ஸ் டெய்லர், மெஷின் ரிப்பேர், துணிக்கடை, வகுப்பு மட்டும் நடத்துபவர்கள் என்று எனக்குச் சம்பந்தமில்லாதவை 28. மீதி 31. தோழியின் 31-ம் இதுவும் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான், இரண்டு பட்டியலிலும் பொதுவாக இருந்தவை 11 மட்டுமே.

பரிந்துரையில் யாழினி சொன்னது அப்படியே இருந்தது. முக்கால்வாசி `class`, `design` தான்.

நிலப்படம்

நல்ல வேலை. இப்போது மேப் எவ்வளவு விட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த ஆறு கட்டத்துக்குள் மூன்று தெருக்களைத் தேர்ந்தெடுத்து நடந்து பாருங்கள். ஒன்று கடைவீதி, இரண்டு உள்தெரு. "பிளவுஸ் தைத்துத் தரப்படும்" என்று வீட்டுக் கதவில் ஒட்டிய அட்டை வரைக்கும் எண்ணுங்கள். அவற்றில் எத்தனை உங்கள் 31-க்குள் இருக்கின்றன என்று பாருங்கள்.

ஊசிநூல்

நேற்றுச் சாயங்காலம் நடந்தேன். 13 இடம் பார்த்தேன். 5 தான் என் பட்டியலில் இருந்தது. அந்த ஐந்தில் நான்கு கடைவீதியில்.

நிலப்படம்

13-ல் 5 என்றால் மேப் பத்தில் நான்கைத்தான் பிடித்திருக்கிறது. 31-ஐ 13-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 80. ஆனால் மூன்றே தெருவை வைத்து வந்த எண் இது, இன்னொரு தெரு நடந்தால் 65 ஆகலாம், 110-ம் ஆகலாம். கடைவீதிக் கடைகள் மேப்பில் ஏறியிருக்கும், வீடுகள் ஏறாது, அதனால் இரண்டுக்கும் தனித்தனியாகக் கணக்கு வைப்பது நல்லது. 9-ம் இல்லை, 31-ம் இல்லை என்பதுவரை உறுதி.

வாடிக்கையாளர் பக்கத்துக்கு ஒரு யோசனை. ஆரிக்குப் பெரிய வேலை கல்யாணத்தில்தானே. கல்யாண மண்டபங்களை மேப்பில் எண்ணுங்கள். பத்திரிகையில் இடம் அனுப்ப வேண்டியிருப்பதால் மண்டபங்கள் பெரும்பாலும் மேப்பில் இருக்கும். தையல் கடை எண்ணிக்கையைவிட அது நம்பகமானது.

தேனி மல்லிகா

மண்டபம் இருந்தால் போதுமா? கல்யாணப் பெண் வெளியூராக இருந்தால் பிளவுஸ் அந்த ஊரில்தானே தைப்பார்கள்?

நிலப்படம்

அது நியாயமான கேள்வி. மண்டபத்தில் எத்தனை கல்யாணம் உள்ளூர்ப் பெண்ணுடையது என்று மேப்பில் தெரிய வழியில்லை. மண்டப மேனேஜரைத்தான் கேட்க வேண்டும்.

ஊசிநூல்

நடந்தபோது வேறொன்றும் கேட்டேன். அந்த 13 பேரிடமும் ஆரி வேலை நீங்களே செய்கிறீர்களா என்று விசாரித்தேன். 4 பேர் செய்கிறார்கள், 7 பேர் வாங்கி வெளியே கொடுக்கிறார்களாம், பெரும்பாலும் மதுரைக்கு. இரண்டு பேர் ஆரியே எடுப்பதில்லை. வெளியே கொடுப்பவர்களில் மூன்று பேர், நீ போட்டுக் கொடுப்பாயா, சட்டகம் எத்தனை வைத்திருக்கிறாய் என்று என் நம்பரை வாங்கிக்கொண்டார்கள்.

போட்டி என்று எண்ணப் போன பட்டியலில் பாதி எனக்கு வேலை கொடுக்கிற இடமாக இருக்கும்போல. அப்படிப் பார்த்தால் கடைவீதி வாடகைக் கடை தேவையா, வீட்டிலேயே இன்னும் இரண்டு சட்டகம் போட்டால் போதுமா என்று இப்போது புதுக் குழப்பம். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. மீதித் தெருக்களில் உள்ள தையல்காரர்களிடமும் இதையே கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். டெய்லர்களுக்கு ஆரி போட்டுக் கொடுப்பவர்கள் யாராவது இங்கே இருந்தால், பிளவுஸுக்கு இவ்வளவு என்று பேசுகிறீர்களா, மணிக்கணக்கில் பேசுகிறீர்களா என்று சொல்லுங்கள்.