புதுப்பிப்பு: ஆச்சி போட்டோ, இரண்டு பிரதி

முன்பு நான் கேட்டது: “ஆச்சியின் பழைய படத்தைக் கையால் ஒன்று, ஏஐயால் ஒன்று எனச் சரிசெய்து இரண்டு பிரதி வந்திருக்கிறது. பளிச்சென்று இருப்பதையே பிரேம் போடலாமா?”

போடவில்லை. ரீடச்சிங்கில் பழம் தின்று கொட்டை போட்ட பாளையங்கோட்டை அண்ணாச்சி சொன்னபடி பார்த்தேன். ஒரிஜினல் ஸ்கேன் மேல் பிரதியைத் தனி லேயராக வைத்து, கண்மணிகள் பொருந்தும்படி நகர்த்தி, வெளிச்சத்தைச் சமமாக்கி, லேயர் மோடை, இரண்டும் வேறுபடும் இடத்தை மட்டும் வெளிச்சமாகக் காட்டும் Difference ஆக்க வேண்டும். சேதமில்லாத இடம் ஏறக்குறையக் கறுப்பாகவும், விரிசலும் கறையும் மட்டும் வெளிச்சமாகவும் தெரிய வேண்டும்.

கையால் திருத்தியதில் அப்படித்தான் இருந்தது. ஏஐ பிரதியிலோ விரிசல் நெற்றியோடு சரி, மினுங்கியது முகம் முழுக்க! பெரிதாக்கினால், ஆச்சியின் பாம்படம் உருகி ஜிமிக்கியாகியிருக்கிறது. கழுத்தில் பழைய படத்துக்குரிய பொடிப்பொடியான கிரெயின் இருக்கிறது, முகத்தில் இல்லை. தாடையோரம் வெட்டி ஒட்டியது போல ஒரு கோடு. அத்தை பார்த்ததுமே, “ஏல, இது எங்கம்மா இல்லல” என்றுவிட்டாள்.

1200 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் எல்லாம் வந்துவிடும் என்ற தம்பிக்கு: விரிசலின் ஓரம் தெளிவானது உண்மை. பூச்சி அரித்த இடத்தில் எதுவும் வரவில்லை, அங்கே படமே இல்லையே.

ஒன்று பாக்கி. அரித்துப்போன இடது வாயோரத்தை, கைத்திருத்தத்தில் வலது ஓரத்தைத் திருப்பிப்போட்டு நிரப்பியிருக்கிறார்கள். ஆச்சி சிரித்தால் வாய் இடப்பக்கம் லேசாகக் கோணும் என்கிறாள் அத்தை. ஒப்பிட வேறு படம் இல்லை. அந்த இடத்தை மட்டும் அரித்தபடியே விடச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன்.