வேலை முடிந்து அரை மணி நேரம்தான்: பைத்தான் படிப்பது எப்படி?

பட்டர்வொர்த் பையன்:
பாயான் லெப்பாஸில் வேலை. பாலம் தாண்டி வீட்டுக்கு வந்து, குளித்துச் சாப்பிட்டு முடிக்க ஒன்பது மணி. ஒன்பதரைக்கு மகளைத் தூங்க வைக்கணும். நடுவில் உள்ள அரை மணிதான் எனக்கு. ஒரு மாதமாகப் பைத்தான் வீடியோ பார்க்கிறேன், பார்க்கும்போது எல்லாம் புரிகிறது, தனியாக ஒரு வரி எழுத வரவில்லை. இந்த அரை மணியை எப்படிப் பிரிப்பது?

ஜாலான் ஈப்போ:
அரை மணியில் ஒன்றும் நடக்காது தம்பி. மடிக்கணினி திறந்து உட்காரவே பத்து நிமிடம் போய்விடும். ஞாயிறு காலை மூன்றரை மணி நேரம் ஒரே மூச்சில் உட்கார். வாரக் கணக்கு சமம்தானே?

மீனா அக்கா:
கணக்கு சமம், மறதி சமம் இல்லை. நான் மாலை வகுப்பு எடுக்கிறேன். வாரம் ஒருமுறை வருபவர்களுக்கு முதல் ஒரு மணி நேரம் "போன வாரம் எங்கே விட்டோம்" என்பதிலேயே போகும். ஆனால் ஒன்றில் ஜாலான் ஈப்போ சொல்வது சரி: பைத்தானை நிறுவுவது, எடிட்டரைத் தேர்ந்தெடுப்பது எல்லாம் ஞாயிற்றுக்கிழமை வேலை. வார நாளில் அதைத் தொடாதீர்கள். பைத்தானோடு வரும் IDLE போதும். எழுதிச் சேமித்து F5 அழுத்தினால் ஓடும்.

தம்பி, வீடியோவை நிறுத்துங்கள். முதல் ஏழு நிமிடம் வெற்றுக் கோப்பைத் திறந்து, நேற்று எழுதியதைப் பார்க்காமல் எழுதுங்கள். கை நிற்கும் இடம்தான் உங்களுக்குத் தெரியாத இடம், அங்கே மட்டும் நேற்றைய கோப்பை எட்டிப் பாருங்கள். அடுத்த இருபது நிமிடம் அதே நிரலில் ஒரே ஒரு மாற்றம். கடைசி மூன்று நிமிடத்தில் நாளைக்கு என்ன மாற்றம் என்று கோப்பின் அடியில் # போட்டு எழுதிவிட்டு மூடுங்கள். இந்த மூன்று நிமிடத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மறுநாள் களைப்போடு உட்காரும்போது யோசிக்க வைக்காதது அந்த ஒரு வரிதான்.

நிரல் உங்கள் வாழ்க்கையில் இருப்பதாக இருக்கட்டும். ஓவர்டைம் கணக்கு எடுங்களேன். 2080 வெள்ளி சம்பளம், நாளுக்கு 8 மணி, மூன்று மணி ஓவர்டைம்:

```python
sambalam = 2080
oru_mani = sambalam / 26 / 8
print(oru_mani * 1.5 * 3)
```

45.0 வரும். முதல் நாளுக்கு இது போதும். இரண்டாம் நாள் அந்த 3-ஐ input() வழியாகக் கேளுங்கள்.

பழைய சூப்பர்வைசர்:
26-ஆல் வகுக்கிறதா உங்கள் கம்பெனி? நான் இருந்த இடத்தில் 30-ஆல் வகுத்து இரண்டு வருடம் ஏமாற்றினார்கள். வேலைச் சட்டத்தில் 26 என்றுதான் இருக்கிறது. சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள் தம்பி!

ஜாலான் ஈப்போ:
அண்ணே, இது சம்பளப் பிரச்சினை இல்லை 😄 அக்கா, வீடியோ வேண்டாம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் வீடியோ பார்த்துத்தான் கற்றேன்.

மீனா அக்கா:
பார்த்துக்கொண்டே தட்டினீர்களா, பார்த்தபின் தட்டினீர்களா?

ஜாலான் ஈப்போ:
நிறுத்தி நிறுத்தித் தட்டினேன். அப்போது எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை, நேரம் இருந்தது.

பட்டர்வொர்த் பையன்:
அண்ணே, என் சீட்டில் 26-தான். அக்கா, நேற்று neram = input() என்று எழுதி, 3 இருந்த இடத்தில் neram போட்டேன். சாதாரண நாளுக்கு இப்படி வந்தது:

```
TypeError: can't multiply sequence by non-int of type 'float'
```

ஓய்வு நாள் ஓவர்டைம் இரண்டு மடங்கு என்பதால் முதலில் neram * 2 போட்டுப் பார்த்தேன். பிழையே இல்லை, ஆனால் 3 மணி கொடுத்தால் 33 என்கிறது. இதிலேயே அரை மணி போய்விட்டது.

மீனா அக்கா:
இரண்டில் அந்த 33-தான் ஆபத்தானது, கத்தாமல் தப்பு செய்கிறது. input() எப்போதும் எழுத்தாகத்தான் தரும். எழுத்து "3"-ஐ இரண்டால் பெருக்கினால் அதை இரண்டு முறை ஒட்டிவிடும். 1.5 முறை ஒட்ட முடியாதே, அதனால் அங்கே மட்டும் கத்துகிறது. இப்படி மாற்றுங்கள்:

```python
neram = float(input("மணி: "))
```

int() போட்டால் இரண்டரை மணிக்கு 2.5 என்று கொடுத்ததும் மறுபடி நிற்கும்.

இனி ஒரு பிழையில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். பிழையின் கடைசி வரியைக் கோப்பின் அடியில் # போட்டு ஒட்டிவிட்டு, மீதி நேரத்தில் பழைய மூன்று வரியை மறுபடி எழுதுங்கள். அந்த வரியை மறுநாள் பேருந்தில் கைப்பேசியில் தேடலாம்.

பட்டர்வொர்த் பையன்:
பேருந்து இல்லை அக்கா, மோட்டார். பாலத்தில் தேட முடியாது 😅 சாப்பாட்டு நேரத்தில் பார்க்கிறேன். இன்றைக்கு float போட்டேன், 45.0 வந்தது. நாளைக்கு எழுதி வைத்த வரி: "# பொது விடுமுறைக்கு மூன்று மடங்கு, if".

ஜாலான் ஈப்போ:
if-க்கு ஒரு நல்ல வீடியோ இருக்கிறது, அனுப்பட்டுமா?

மீனா அக்கா:
ஞாயிற்றுக்கிழமை அனுப்புங்கள்.