"24 மணி நேரத்துக்கு முன்": எதுக்கு முன்? ரிக்வயர்மெண்ட் எழுதி மாட்டிக்கிட்ட அனுபவங்கள்

கயல்_பிஏ

ஆம்னி பஸ் நடத்துற ஒருத்தருக்கு டிக்கெட் புக்கிங் ஆப். நான் பிசினஸ் அனலிஸ்ட். ரத்து செய்யறதுக்கு நான் எழுதுன யூசர் ஸ்டோரி இதுதான்: "பயணியாக, என் டிக்கெட்டை நானே ரத்து செய்ய வேண்டும், அலுவலகத்துக்கு போன் போடாமல் பணம் திரும்பக் கிடைக்க வேண்டும்."

கீழே அக்செப்டன்ஸ் கிரைட்டீரியா மூணே வரி. புறப்படுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்தால் 10% பிடித்தம். 12 முதல் 24 வரை 50%. அதுக்குள்ள வந்தா பணம் ஒண்ணும் திரும்பாது. படிச்சவங்க எல்லாரும் தெளிவா இருக்குன்னாங்க. டெவலப்பர் கட்டினார், டெஸ்டர் பாஸ் போட்டார், ஆப் வெளிய போச்சு.

ரெண்டாவது வாரமே புகார். பஸ் நாகர்கோவிலில் வெள்ளி 17:30க்குக் கிளம்புது, மதுரைக்கு 22:00க்கு வருது. மதுரையில் ஏற வேண்டியவர் வியாழன் இரவு 8 மணிக்கு ரத்து செஞ்சார். அவர் டிக்கெட்டில் அச்சான நேரத்துக்கு இன்னும் 26 மணி நேரம் இருக்கு. 900 ரூபாய் டிக்கெட்டுக்கு 810 வரணும், வந்தது 450. ஏன்னா டெவலப்பர் டேபிளில் இருந்த `departure_time`-ஐ எடுத்துக்கிட்டார், அது நாகர்கோவில் நேரம். அந்தக் கணக்குல 21 மணி 30 நிமிஷம்தான். டெஸ்டர் சோதிச்ச டிக்கெட்டும் நாகர்கோவிலில் ஏறுறதுதான், அதனால யார் கண்ணிலயும் படலை.

டெவலப்பரைக் கேட்டேன். "அக்கா, நீங்க 'புறப்படும் நேரம்'னுதானே எழுதியிருக்கீங்க?" என்றார். பதில் சொல்ல முடியலை. எனக்கே அந்தக் கேள்வி தோணலைங்கிறதுதான் உண்மை.

உங்களுக்கும் இப்படி ஒரு சொல் காலை வாரி விட்டிருந்தா சொல்லுங்க.

சோதனைக்கூடம்

டெஸ்டராப் பதினோரு வருஷம். உங்க மூணு வரியில் இன்னும் ஒரு குழி இருக்கு. சரியா 24 மணி நேரம் இருக்கும்போது ரத்து செஞ்சா? ரெண்டு வரியும் அந்த நொடியை உரிமை கொண்டாடுது. இப்ப நான் டாக்குமெண்டில் நிலைமையை விவரிக்கச் சொல்றதை விட்டுட்டு, ஒரு ஆள், ஒரு நாள், ஒரு தொகை கொடுங்கன்னு கேக்கறேன். உங்க கேஸை நான் எழுதியிருந்தா இப்படி:

```
# language: ta
திறன்: டிக்கெட் ரத்து
  காட்சி: வழியில் ஏறுபவர் ரத்து செய்கிறார்
    கொடுக்கப்பட்ட பஸ் நாகர்கோவிலில் வெள்ளி 17:30, மதுரையில் 22:00
    மற்றும் பயணி மதுரையில் ஏற 900 ரூபாய் செலுத்தியுள்ளார்
    எப்போது அவர் வியாழன் 20:00 மணிக்கு ரத்து செய்கிறார்
    அப்பொழுது திரும்பும் தொகை 810 ரூபாய்
```

இது கெர்கின், சோதனைக் காட்சிகளை எழுதுற மொழி. தமிழ்ச் சொற்களையும் ஏத்துக்கும், பலருக்குத் தெரியாது. 'எப்போது'ன்னு படிக்கும்போது கேள்வி கேக்கற மாதிரி இருக்கும், பழகிடும். இதுக்குக் கீழ வியாழன் 22:00:00க்கு 810, 22:00:01க்கு 450ன்னு ரெண்டு வரி சேத்துட்டா எல்லைச் சண்டையும் முடிஞ்சது.

வேகநடை

இதுக்குத்தான் எல்லாத்தையும் கொடுக்கப்பட்ட-எப்போது-அப்பொழுதுன்னு, அதாவது கிவன்-வென்-தென்ல எழுதணும்னு தலைதலையா அடிச்சுக்கறோம். அந்த வடிவத்துல எழுதிட்டா தப்பே வராது.

சோதனைக்கூடம்

வடிவம் உதவும் தம்பி, காப்பாத்தாது. "கொடுக்கப்பட்ட பயணி 24 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்கிறார், அப்பொழுது 10% பிடித்தம்"னு அதே குழப்பத்தை அழகா எழுதிடலாமே. உதாரணத்தில் வழியில் ஏறுற ஆளைக் கொண்டு வந்ததாலதான் கேள்வியே வெளிய வந்தது. அப்புறம், பிடித்தத்தோட விகிதம் மாதிரி விதிக்கு ஒரு சின்ன அட்டவணை போதும். பத்து விகிதத்துக்குப் பத்து காட்சி எழுதினா யாரும் படிக்க மாட்டாங்க.

ஊர்சுத்தி

எனக்கும் இதே கதைதான்! ரத்து செஞ்சு 12 நாள் ஆச்சு, "பணம் திருப்பி அனுப்பப்பட்டது"ன்னு ஆப் காட்டுது, அக்கவுண்டில் சல்லிக்காசு வரலை. யாருக்கு எழுதணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கயல்_பிஏ

அண்ணே, இங்க பேசறது ஆப் கட்டுறதுக்கு எழுதுற டாக்குமெண்ட் பத்தி. உங்க பணத்துக்கு முதல்ல புக்கிங் நம்பரோட அந்த ஆப்காரங்களுக்கே எழுத்துல புகார் குடுங்க. ஆனா நீங்க சொன்னதும் என் டாக்குமெண்டைத் திறந்து பார்த்தேன். "பணம் திரும்பக் கிடைக்க வேண்டும்"னுதான் இருக்கு. பேமெண்ட் கேட்வேக்குக் கோரிக்கை போறது ஒரு நிலை, வங்கி வரவு வைக்கிறது வேற நிலை, கோரிக்கை தோத்துப் போறது மூணாவது. மூணுக்கும் திரையில் என்ன காட்டணும், தோத்தா யாருக்குத் தகவல் போகணும்னு நான் எழுதவே இல்லை. நன்றி, உங்க கடுப்பு எனக்குப் பயன்பட்டது.

பழையகோடு

டெவலப்பர் பக்கத்துல இருந்து ஒரு அனுபவம். இதே மாதிரி பஸ் ஆப், இன்னொரு ஊர். ஸ்டோரி: "பல இருக்கைகளில் ஒன்றை மட்டும் ரத்து செய்ய வேண்டும்." கிரைட்டீரியா: "அந்த இருக்கைக்கான தொகை, பிடித்தம் போக, திரும்பும்." குடும்பமா 3 இருக்கை, தலா 900, மொத்தம் 2700. 2500க்கு மேல வாங்கினா 300 தள்ளுபடி கூப்பன். கட்டினது 2400. இப்ப ஒரு இருக்கை ரத்து, 10% பிடித்தம். எவ்வளவு திரும்பணும்?

நான் டிக்கெட் விலையில் இருந்து எடுத்தேன்: 810. கூட இருந்தவர் கட்டின பணத்தைப் பங்கு போட்டார்: 800ல் பிடிச்சது போக 720. கணக்குப் பிரிவு அம்மா சொன்னாங்க, மீதி ரெண்டு இருக்கை 1800தான், கூப்பனுக்கே தகுதி போச்சு, அதனால 300ஐக் கழிச்சு 510. மூணுமே டாக்குமெண்டுக்குப் பொருந்தும்.

என் கணக்குல ஒரு ஓட்டை. மூணையும் ஒண்ணொண்ணா ரத்து செஞ்சா 810 மூணு தடவை, 2430. கட்டினதோ 2400! ஒருத்தர் கண்டுபிடிச்சு செஞ்சும் காட்டினார். கடைசியில் 720தான்னு முடிவாச்சு. "கொடுத்ததை விடக் கூடுதலாகத் திரும்பக் கூடாது"ன்னு ஒரே வரி முதல்லயே இருந்திருந்தா நானே பிடிச்சிருப்பேன். எப்பவும் நடக்கக் கூடாததையும் எழுதுங்கப்பா.

இன்னொண்ணு, "சிவப்பு பட்டனை அழுத்தி, வலது மூலையில் வரும் பெட்டியில்"னு எழுதாதீங்க. டிசைன் மாறினா டாக்குமெண்டே பொய்யாயிடும்.

வேகநடை

46 பக்க டாக்குமெண்ட் எழுதினேன், டெவலப்பர் படிச்சது முதல் 4 பக்கம். இவ்வளவு உதாரணம் சேத்தா யாரு படிப்பா?

பழையகோடு

அன்னிக்கு எடுக்கற ஸ்டோரி மட்டும்தான் எனக்கு வேணும், அது ஒரு பக்கம். ஸ்டோரியை முன்னால வச்சு பிஏ, டெஸ்டர், நான் மூணு பேரும் அரை மணி நேரம் உக்காருவோம். ஒவ்வொருத்தரும் ஒரு "இப்படி நடந்தா?" கேக்கணும். எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் முறையை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான ரான் ஜெஃப்ரீஸ் 2001ல் ஸ்டோரியை அட்டை, பேச்சு, உறுதிசெய்தல்னு மூணாப் பிரிச்சார். எங்க ஊர்ல நடுவுல இருக்கற பேச்சை மட்டும் விட்டுடறாங்க. ஆனா தள்ளி இருந்து வேலை பார்க்கற டீமுக்கு பேச்சை விட எழுத்துதான் கைகொடுக்கும்னு நினைக்கறவங்களும் இருக்காங்க. அவங்களைத் தப்புன்னும் சொல்ல முடியலை.

கயல்_பிஏ

மிச்சக் கதை. திருத்தி எழுதறதுக்கு முன்னாடி பஸ் மேனேஜரைக் கேட்டேன்: பஸ் கிளம்புற நேரம்தான் கணக்குன்னார். முதலாளியைக் கேட்டேன்: டிக்கெட்டில் அச்சான நேரம்தான், பயணிக்கு அதுதானே தெரியும்னார். ரெண்டு பேரையும் ஒரே போன் அழைப்பில் உக்கார வச்சு, முதலாளி சொன்னதையே முடிவாக்கி, யார் எந்தத் தேதியில் முடிவெடுத்தாங்கன்னு ஸ்டோரிக்குக் கீழயே எழுதிட்டேன். "புறப்படும் நேரம்"ங்கிற சொல்லை டாக்குமெண்ட் முழுக்கத் தேடி எடுத்துட்டு, "பயணி ஏறும் இடத்தின் அட்டவணை நேரம்"னு மாத்தினேன். பதினாலு இடம்.

அதைப் பார்த்த உடனே டெவலப்பர் கேட்டார்: "பஸ் ரெண்டு மணி நேரம் லேட்டுன்னு எஸ்எம்எஸ் போயிட்டா, அப்பவும் அட்டவணை நேரம்தானா அக்கா?" முதலாளிகிட்ட கேட்டிருக்கேன், இன்னும் பதில் வரலை. "முடிவாகாதவை"ன்னு ஒரு தலைப்புல போட்டு, அந்த ஸ்டோரியை இந்த ஸ்பிரிண்டில் எடுக்காம வச்சிருக்கோம்.